பேரும் நட்சத்திரமும்

உதயகலா நேர்ஸ் கட்டிலுக்குக் கட்டில் கும்பிடத் தொடங்கிய விஷயம் முதலில் யாருக்கும் தெரியாது. தெரிவதற்கு அதில் ஒன்றும் இருக்கவில்லை. அவள் கை கூப்பவில்லை, கண் மூடவில்லை, வாய் முணுமுணுக்கவில்லை. அந்த ஆண்கள் வாட்டில் ஒவ்வொரு கட்டிலின் கால்மாட்டிலும் ஒரு போத்தல் கொழுவியிருக்கும். ஸ்பிரிட் மணக்கிற கை மருந்து. ஒரு நோயாளியைத் தொட்டுவிட்டு அடுத்தவரைத் தொடுமுன் அதை அமத்தி எடுத்து, கை காயும்வரை தேய்க்க வேண்டும். அவசரக்காரர்கள் பேருக்குத் தடவிக்கொண்டு ஓடுவார்கள். உதயகலா சட்டப்படி தேய்ப்பாள். அந்தத் தேய்ப்புக்குள்தான் அவளுடைய கும்பிடு இருந்தது.

உள்ளங்கையோடு உள்ளங்கை தேய்க்கும்போது நோயாளியின் பெயர். புறங்கைக்கு நட்சத்திரம். பிறகு விரல்கள்; சி, வா, ய, ந, ம என்று ஐந்தெழுத்துக்கு ஐந்து விரல். கடைசியில் நகங்களை மற்றக் கையின் உள்ளங்கையில் தேய்த்தபடி, இந்த இரவு சுகமாக விடியட்டும் என்று ஒரு வேண்டுதல். அதற்குள் கை காய்ந்துவிடும். அடுத்த கட்டில்.

செபம் மூன்று வகை என்று சைவசமயப் பாடத்தில் படித்திருந்தாள். பிறர் கேட்கச் சொல்வது ஒன்று, தனக்கு மட்டும் கேட்கச் சொல்வது ஒன்று, மனத்தால் மட்டும் சொல்வது ஒன்று. மூன்றாவதற்கு மானதம் என்று பெயர். நாக்கின் நுனிகூட அசையக் கூடாது. சோதனையில் எழுதிப் புள்ளி வாங்கியதோடு அந்த அறிவு தூங்கிப்போயிருந்தது. இப்போது உதவிக்கு வந்தது.

பெயரில் கஷ்டமில்லை. கட்டில் ரிக்கற்றில், நோய் விபரம் எழுதும் அட்டையில், இருக்கும். நட்சத்திரம்தான் இடித்தது. கோயிலில் ஐயர் அருச்சனைத் தட்டை வாங்கும்போது பெயரும் நட்சத்திரமும் கேட்டுத்தான் உள்ளே போவார். நட்சத்திரம் இல்லாமல் கேட்டால் எந்தச் சிவராசா, எந்தக் கந்தையா என்று சுவாமிக்கு எப்படித் தெரியும்? வாட்டில் சில நேரம் ஒரே பெயரில் இரண்டு பேர் கிடப்பார்கள். ஆகவே ஓரிரவு காய்ச்சல் பார்க்கும் சாட்டில், கொடிகாமத்திலிருந்து இருதய வருத்தத்தோடு வந்திருந்த கதிரவேலுவிடம் கேட்டுவிட்டாள்.

"ஐயா, உங்கடை நட்சத்திரம் என்ன?"

"என்னது?"

"பிறந்த நட்சத்திரம்."

கதிரவேலு சாய்ந்திருந்த தலையணையிலிருந்து எழும்பி உட்கார்ந்தார். "ஏன் பிள்ளை? டொக்டர் ஏதும் சொன்னவரோ?"

"இல்லை ஐயா, சும்மா கேட்டனான்."

"நட்சத்திரத்தை ஆரும் சும்மா கேப்பினமே? கலியாணம் பேசுறவன் கேப்பான், சாத்திரி கேப்பான். எனக்குக் கலியாணம் பேசவோ வந்தனீ?"

"படுங்கோ ஐயா. நான் கேக்கேல்லை எண்டு நினையுங்கோ."

"கேட்டிட்டியே பிள்ளை. நான் எப்ப போவன் எண்டு பாக்கிறாய் போலை."

அவர் அதற்குப் பிறகு படுக்கவில்லை. பிறஷர் ஏறிற்று. பக்கத்துக் கட்டில்காரரை எழுப்பி, தன் நட்சத்திரத்துக்கு இப்போது என்ன திசை நடக்கிறது என்று கணக்குப் பார்க்கத் தொடங்கினார். விடியப் புட்டும் சம்பலும் கட்டிக்கொண்டு வந்த அவர் மனைவி நல்லம்மாவிடம் முதல் வேலையாக இதைத்தான் சொன்னார். அந்த மனுசி புட்டுப் பார்சலைக் கட்டிலில் போட்டுவிட்டு நேரே சிஸ்டரிடம் போனாள்.

வாட்டுக்குப் பொறுப்பான சிஸ்டர் லவீனா கோபக்காரியல்ல. ஆனால் கேள்வி கேட்டால் பதில் சொல்லாமல் தப்ப முடியாது.

"உதயகலா, எந்த மருந்துக்கு நட்சத்திரம் தேவை?"

"ஒண்டுக்கும் இல்லை சிஸ்டர்."

"பிறகேன் கேட்டனீர்?"

"கும்பிடுறதுக்கு."

சிஸ்டர் பேனையை மூடி வைத்தார். "கும்பிடும். வேண்டாமெண்டு நான் சொல்லேல்லை. நானும் செபமாலையைப் பொக்கற்றிலை வைச்சுக்கொண்டுதான் நடக்கிறன். ஆனால் வருத்தக்காரரைப் பயப்படுத்தாதேயும். கடவுளுக்கு எங்கடை ரிக்கற்றிலை உள்ளது காணும், அதுவே போதும்."

அன்றிலிருந்து உதயகலா நட்சத்திரம் கேட்கவில்லை. பெயரோடு ஊரைச் சேர்த்துக்கொண்டாள். கொடிகாமம் கதிரவேலு. சுவாமி விளங்கிக்கொள்வார் என்று விட்டுவிட்டாள். ஆனால் கதை வாட் முழுக்கப் பரவிவிட்டது. அவளோடு இரவு வேலை செய்யும் சின்ன நேர்ஸ் தாரிகாகூட, "அக்கா, எனக்கும் ஒருக்காத் தேயுங்கோ" என்று பகிடி பண்ணுவாள்.

பகிடிக்குப் பின்னால் இருந்த வீட்டை அவர்களுக்குத் தெரியும். ஆனால் அதன் உள்பக்கம் தெரியாது.

நீர்வேலியில் உதயகலாவின் வீட்டு நடு அறையில் ஒரு ஆஸ்பத்திரிக் கட்டில் கிடக்கிறது. அதில் அவள் கணவன் பிரகலாதன் கிடக்கிறான். வாழைக்குலை ஏற்றிக்கொண்டு போன லான்ட்மாஸ்ரர் உழவு மெசின் மாரி மழையில் மதகோடு கவிழ்ந்ததில் தலையில் அடிபட்டவன். உயிர் தப்பியது. மற்றதெல்லாம் போனது. கண் திறந்திருக்கும், ஆளைப் பார்க்காது. மூக்கால் போன குழாயில் பாலும் கஞ்சித் தண்ணியும் அரைத்த மரக்கறியும் விட வேண்டும். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்காப் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், இல்லாவிட்டால் முதுகு புண்ணாகிவிடும். பிள்ளைகள் இல்லை. தோட்டத்தை அயலவர் பார்க்கிறார். பகலில் உதயகலா புரட்டுவாள், இரவில் பிரகலாதனின் தங்கை சுவர்ணா புரட்டுவாள். உதயகலா இரவில் ஆஸ்பத்திரியில் வேறு மனிதர்களைப் புரட்டுவாள்.

சொல்லப்போனால் அவளுக்குப் பகலும் இரவும் ஒன்றுதான். ஒரு கட்டிலை விட்டு வெளியே வந்து ஸ்கூட்டியில் ஏறினால், மற்றக் கட்டில்களுக்குத்தான் போக வேண்டும். இடையில் இருக்கிற ரோட்டில் மட்டும் மழை நனைக்கும், வெயில் சுடும். அந்த ரோட்டில் சில நாள் அவள் வேண்டுமென்றே மெதுவாக ஓடியிருக்கிறாள்.

முதல் வருஷம் ஒவ்வொரு வெள்ளியும் கோயிலுக்குப் போய்க் கணவனின் பெயருக்கு அருச்சனை செய்தாள். பிறகு ஒரு வெள்ளியோடு நிறுத்திவிட்டாள். வீட்டுச் சாமியறைக்கும் விளக்கு வைப்பதில்லை. அதைச் சுவர்ணாவே பார்த்துக்கொண்டாள். கேட்டவர்களுக்கு டியூட்டி, களைப்பு என்று உதயகலா ஏதோ சொன்னாள். நேர்ஸ் சொன்னால் யார் நம்பமாட்டார்கள்?

கும்பிடாமல் இருக்க ஏலுமென்றுதான் நினைத்தாள். முடியவில்லை. கும்பிட்டுப் பழகிய மனம் ஒரு மாதிரியாகத் தவித்தது. அப்படியிருக்க, ஓரிரவு மூச்சிழுப்போடு கிடந்த யாரோ ஒருவரைத் தொட்டுவிட்டுக் கை தேய்க்கும்போது, அந்த மனிதருக்காக ஐந்தெழுத்து தன்பாட்டில் வந்தது. சுகமாக இருந்தது. அந்நியருக்கு நல்லது கேட்பதில் ஒரு பயமும் இல்லை. மனம் சொல்வதும் வேண்டுதலும் ஒன்றாகவே வந்தன. இரவு முழுக்க அப்படிக் கேட்டுக்கொண்டே போகலாம் போலிருந்தது. அப்படியே போனாள். எல்லாருக்கும் கேட்டாள், வீட்டில் கிடப்பவனைத் தவிர.

கார்த்திகை மழை விடாமல் பெய்த கிழமையில் பிரகலாதனுக்குக் காய்ச்சல் வந்தது. நெஞ்சில் களகளவென்று சத்தம். குழாயில் விட்டது மேலே எதுக்களித்துச் சுவாசப்பைக்குள் இறங்கியிருக்கிறது என்று பார்த்தவுடனே உதயகலாவுக்குத் தெரிந்துவிட்டது. அம்புலன்ஸ் வந்தது. வேறு ஆண்கள் வாட்டில் இடமில்லை. அவளுடைய வாட்டிலேயே பதினோராம் கட்டிலில் போட்டார்கள்.

"உங்கடை மனுசன்ரை கட்டிலை நான் பாக்கிறன் அக்கா," என்றாள் தாரிகா. "நீங்கள் பத்தோடை நிண்டு, பன்ரண்டுக்குப் போங்கோ."

நல்ல மனத்தோடு சொன்ன சொல்தான். ஆனால் பத்துக்கும் பன்னிரண்டுக்கும் நடுவில் அந்த ஆள் கிடக்கும்போது எப்படிப் போவது? அவள் பத்தாம் கட்டிலில் கை தேய்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு பன்னிரண்டாம் கட்டிலுக்கு நடந்தாள். ஊசி மருந்து ஏறியது. முகமூடியில் ஒட்சிசன் போனது. தலைமாட்டை உயர்த்தியிருந்தார்கள். இரண்டு நாள் வருத்தம் கூடவுமில்லை, குறையவுமில்லை. சுவர்ணாவுக்கு இரவில் நிற்கச் சிஸ்டர் அனுமதி கொடுத்திருந்தார். அவள் கதிரையை அண்ணனின் கட்டிலோடு ஒட்டிப் போட்டு, வீட்டில் மாதிரியே அவனுடைய கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

இரண்டாம் இரவு தேத்தண்ணி குடிக்க உதயகலாவும் அவளும் வெளி விறாந்தைக்கு வந்தார்கள். தகரக் கூரையில் மழை அறைந்தது. சுவர்ணா கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு குளிரில் நின்றாள்.

"மச்சாள், ஒண்டு கேக்கட்டே?"

"கேளும்."

"நீங்கள் இஞ்சை எல்லாருக்கும் கும்பிடுறனீங்களாம். தாரிகா மிஸ் சொன்னவ."

"அவவுக்கு வேறை வேலையில்லை."

"அண்ணைக்கும் கும்பிடுறனீங்களோ?"

உதயகலா தேத்தண்ணியைக் குடித்தாள். "இல்லை."

"ஏன்?"

"நீர் கும்பிடுறீர்தானே. காணும்."

"அதென்ன கதை? பெண்சாதி கும்பிடுறது வேறை, சகோதரம் கும்பிடுறது வேறை. ஊராருக்கெல்லாம் கேக்கிறியள், சொந்த மனுசனுக்குக் கேக்க மனமில்லையோ?"

"நான் கும்பிட்டால் அவருக்குக் கூடாது சுவர்ணா."

"விளங்கேல்லை."

"வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போறதை ஏன் விட்டனான் எண்டு நினைக்கிறீர்?"

"டியூட்டி எண்டு சொன்னியள்."

"டியூட்டியில்லை. ஐயர் பேர் நட்சத்திரம் கேட்டார், சொன்னன். உள்ளுக்கை தீபம் காட்டினார். சுகத்தைக் குடும் எண்டு கேக்கத்தான் நினைச்சனான். மனசிலை வந்தது வேறை. காணும், இந்தாளை எடுத்துக்கொள்ளும் எண்டு வந்திட்டுது. நான் சொல்லேல்லை, தன்பாட்டிலை வந்தது. வாயாலை கும்பிட்டால் பொய் சொல்லலாம். மனசாலை கும்பிடேக்கை என்னெண்டு பொய் சொல்லுறது?"

சுவர்ணா கோப்பையை விறாந்தைத் திண்ணையில் வைத்தாள். 

"நான் எல்லா வெள்ளியும் விரதம் பிடிச்சு, அவர் இருக்கவேணும் எண்டு கேக்கிறன். நீங்கள் அதே சுவாமியிட்டை, போகட்டும் எண்டு கேட்டிருக்கிறியள். ஒரே பேர், ஒரே நட்சத்திரம். சுவாமி ஆற்றை சொல்லைக் கேக்கிறது?"

"ஒருத்தற்றையும் கேக்கேல்லைத்தானே. அப்பிடியே போட்டு வைச்சிருக்கிறார்."

"பாவம் மச்சாள் அவர். உங்களிலை எவ்வளவு பட்சமாய் இருந்தவர்."

"அது எனக்குத் தெரியாதே? தெரிஞ்சபடியாத்தான் சொல்லுறன். அந்த மனுசன் இப்பிடிக் கிடக்க விரும்பியிருப்பாரோ? வேட்டி கசங்கினாலே வெளியிலை வரமாட்டார். நீரும் நானும் அவரைத் துடைச்சுத் துடைச்சு..." அவள் நிறுத்தினாள். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டாள். "ஒண்டு சொல்லும். நீர் இருக்கவேணும் எண்டு கேக்கிறது அவருக்காகவோ?"

 சுவர்ணா அழுதுகொண்டு சொன்னாள்.

"அவர் போனால் நீங்கள் நேர்ஸ். உங்களுக்கு ஒரு வாட் இருக்கு, உங்களைத் தேட ஆக்கள் இருக்கு. என்னை ஆர் தேடுவினம்? எனக்கு அந்தக் கட்டில்தான் வேலை. நாளைக்கு அதைக் கழட்டிக் கொண்டுபோனால், நான் அந்த வீட்டிலை எந்த அறையிலை, என்னத்துக்கு இருக்கிறது?"

 சுவர்ணா தன்னை அந்த வீட்டில் கட்டிப்போட்டிருக்கிறாள் என்று உதயகலா பல இரவு மனதுக்குள் பொருமியிருக்கிறாள். அவளும் கட்டுப்பட்டுத்தான் கிடக்கிறாள் என்று இவளுக்குத் தோன்றியதே இல்லை. உள்ளேயிருந்து யாரோ மிஸ் என்று கூப்பிட்டார்கள். போக வேண்டியிருந்தது.

விடியப்போகும் நேரம் ஒரு நோயாளியை ஸ்கான் எடுக்கத் தாரிகா வேலையாளோடு கீழே கொண்டுபோனாள். சுவர்ணா முகம் கழுவப் போயிருந்தாள். உதயகலா பத்தாம் கட்டிலில் சேலைன் போத்தலை மாற்றிவிட்டு, பதினோராம் கட்டிலைக் கடக்கப் போனவள் நின்றாள். அந்த நேரம் அவனைப் பார்க்க அவளைத் தவிர ஆளில்லை. அவனுடைய கால்மாட்டுப் போத்தலை அமத்தினாள்.

உள்ளங்கைக்குப் பிரகலாதன். புறங்கைக்கு உத்திராடம். விரல் விரலாக ஐந்தெழுத்து. நகங்களைத் தேய்க்கும் இடத்துக்கு வந்தபோது, சுகமாக விடியட்டும் என்று பிடிவாதமாக நினைத்துப் பார்த்தாள். அது வரவில்லை. வந்தது பழையதுதான். போகட்டும். இந்தத் தடவை அவள் அதைத் தடுக்கவில்லை. முழுதாகக் கேட்டாள். இவரை விடும், எங்களையும் விடும் என்று கேட்டாள்.

நிமிர்ந்து பார்த்தபோது, விரலில் மாட்டியிருந்த மெசினில் ஒட்சிசன் இலக்கம் இறங்கிக்கொண்டிருந்தது. நெஞ்சு ஏறி இறங்கப் பாடுபட்டது, ஆனால் காற்றுப் போகும் சத்தம் இல்லை. உதடு நீலம்.

கேட்டது கொடுக்கப்பட்டுவிட்டது என்று அவளுக்கு நிச்சயமாகப் பட்டது. சளி அடைத்திருக்கிறது. கை காயும் நேரம், அதற்கு மேல் இன்னொரு தரம் கை காயும் நேரம், அவள் சும்மா நின்றால் போதும். ஒருத்தரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள். ரிக்கற்றில் நியூமோனியா என்று ஏற்கெனவே எழுதியிருக்கிறது. நின்றாள் என்றுதான் சொல்ல வேண்டும். எவ்வளவு நேரம் என்று அவளுக்கே பிறகு சொல்லத் தெரியவில்லை.

பிறகு கை தன்பாட்டில் வேலைக்குப் போய்விட்டது. ஒரு கை சளி உறிஞ்சும் சக்சன் மெசினைப் போட்டது, மற்றக் கை கையுறையை இழுத்தது. ஆளைப் பக்கவாட்டில் சரித்தாள். மெல்லிய குழாயை உறிஞ்சவிடாமல் மூக்கால் உள்ளே விட்டு, தொண்டைக்குக் கீழே போனதும் விரலால் துளையை அடைத்து உறிஞ்சவிட்டு, உருட்டியபடி வெளியே எடுத்தாள். உள்ளே வைத்திருக்கும்வரை அவனுக்கு மூச்சில்லை. ஆகவே பத்து எண்ணுவதற்குள் எடுக்க வேண்டும். எடுத்ததும் ஒட்சிசன் முகமூடி. திரும்பவும் குழாய். மூன்றாம் தரம் அவன் உடம்பு முழுக்கக் குலுங்க இருமினான். கட்டியான மஞ்சள் சளி ஒன்று குழாயில் ஏறிக் கடகடவென்று போத்தலில் விழுந்தது. காற்றுப் போகும் சத்தம் கேட்டது. இலக்கம் ஏறத் தொடங்கியது.

உதயகலாவுக்குக் கோபம் வந்தது. சுவாமியில் இல்லை, அவனில் இல்லை, தன்னுடைய இரண்டு கைகளில் வந்தது. அவள் என்ன கேட்கிறாள் என்று ஒரு தரம்கூடத் திரும்பிப் பார்க்காமல் வேலை செய்கிற கைகள்.

முகம் துடைத்தபடி சுவர்ணா ஓடிவந்தாள். "என்ன மச்சாள்? என்ன நடந்தது?"

"சளி அடைச்சது. எடுத்தாச்சு."

"ஆர் எடுத்தது?"

"வேறை ஆர் இருக்கினம்?"

சுவர்ணா அண்ணனைப் பார்த்தாள். சளிப் போத்தலைப் பார்த்தாள். "போகட்டும் எண்டு சொன்னியள்."

"ஓம். இப்பவும் அதைத்தான் கேட்டனான். கேட்டு முடிய முன்னம் அடைச்சது."

"அப்ப ஏன் எடுத்தனீங்கள்?"

"தெரியேல்லை சுவர்ணா. கை பழகிப்போச்சு."

சுவர்ணா அவளுடைய கையைப் பிடிக்க வந்தாள். கையுறை அழுக்கென்று சொல்லி உதயகலா கையை இழுத்துக்கொண்டாள்.

ஒரு கிழமையில் காய்ச்சல் விட்டது. வீட்டுக்குக் கொண்டுபோகலாம் என்றார் டொக்டர். உங்களை மாதிரி ஒரு ஆள் வீட்டில் இருந்தால் இவர் கனகாலம் இருப்பார் என்று சந்தோஷமாகச் சொன்னார். உதயகலா நன்றி சொன்னாள். கதிரவேலுவும் அதே நாள் துண்டு வெட்டி வீட்டுக்குப் போனார். போகும்போது அவளைக் கூப்பிட்டு, "பிள்ளை, கேட்டனீ, நான்தான் சொல்லேல்லை. என்ரை நட்சத்திரம் விசாகம்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

வீட்டில் நடு அறைக் கட்டில் அப்படியே காத்திருந்தது. நாலு பேர் பிடித்து ஏற்றினார்கள். மழை விட்டு, தோட்டத்தில் காற்றுக்குச் சரிந்த வாழைகளைப் பக்கத்து வீட்டுக்காரர் வெட்டிக் குவிக்கும் சத்தம் கேட்டது. சுவர்ணா கஞ்சியை வடித்து ஆறவைத்தாள். உதயகலா குழாய் சரியான இடத்தில் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல, அவள் மெதுவாக விட்டாள். இருவரும் அன்றைக்குப் பிறகு அந்தக் கதையை எடுக்கவில்லை. எடுத்து என்ன செய்வது? பொழுதுபட உதயகலா வெள்ளை உடுப்பைப் போட்டுக்கொண்டு வந்தாள். போகுமுன் கடைசியாக அவனைப் புரட்டிப் படுக்க வைத்து, முதுகுக்குத் தலையணை வைத்தாள். வீட்டுக் கட்டிலின் கால்மாட்டிலும் ஒரு போத்தல் இருந்தது. அதை அமத்தியவள் கையைத் தேய்க்காமல் நின்றாள்.

"சுவர்ணா, உம்மடை நட்சத்திரம் என்ன?"

குழாயை மூடிக்கொண்டிருந்த சுவர்ணா நிமிர்ந்தாள். "ஏன்?"

"சொல்லுமன்."

"உங்களுக்குத் தெரியாதே? மூலம். பொம்பிளைப் பிள்ளைக்கு மூலம் எண்டுதானே வந்த கலியாணப் பேச்செல்லாம் திரும்பிப் போனது. அதுக்குப் பிறகு ஒருத்தரும் கேட்டதில்லை. இப்ப என்னத்துக்குக் கேக்கிறியள்?"

"கும்பிட."

 உதயகலா தேய்த்தாள். உள்ளங்கைக்குச் சுவர்ணா. புறங்கைக்கு மூலம். சிறுவிரலிலிருந்து பெருவிரல்வரை ஐந்தெழுத்து. நகங்களுக்கு வந்தாள். அண்ணன் இருக்கட்டும் என்று கேட்டால் இவள் இந்த அறையிலேயே கிழவியாவாள். போகட்டும் என்று கேட்டால் இவளுக்கு அறையே இல்லை. இரண்டும் இல்லாமல் இவளுக்குக் கேட்க என்ன இருக்கிறது என்று தேடினாள். கண்ணுக்கு எதிரே சுவர்ணா, தனக்கு என்ன கிடைக்கப்போகிறது என்று பார்ப்பவள் போல நின்றுகொண்டிருந்தாள்.

கை காய்ந்துவிட்டது. டியூட்டிக்கு நேரமாகிவிட்டது. உதயகலா போத்தலை இன்னொரு தரம் அமத்தி, பெயரிலிருந்து திரும்பத் தொடங்கினாள்.